‘பகுதியளவு மூடவும்’ என்றால் எவ்வளவு மூடுவது?

‘‘இரண்டு ஏக்கரில் வாழை வைத்து, சொட்டுநீர் போட்டிருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுவதால், வீட்டில் மனைவிதான் மோட்டார் போட்டு, வெஞ்சுரியில் உரம் விடுகிறார். கையேட்டில் உள்ளபடி செய்யச் சொன்னேன். ஒரு முறை வாளியில் இருந்த உரத்தண்ணீர் இறங்கவே இல்லை. அடுத்த முறை வாளி நிரம்பி வழிந்து, உரமெல்லாம் வாய்க்காலில் போய்விட்டது. கையேடு தமிழில்தான் இருக்கிறது, இருந்தும் புரியவில்லை. அவர் தனியாகச் செய்வதற்கு எப்படி எழுதி மாட்டுவது?’’

- கம்பம் அருகிலிருந்து ஒரு வாசகர்.

சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் சொட்டுநீர் கிடைப்பதால், கம்பம் பள்ளத்தாக்கில் வாழை, திராட்சை, தென்னை என்று பெரும்பாலான தோட்டங்களில் குழாய் ஓடுகிறது. குழாயோடு கையேடும் வருகிறது. உரம் விடும் பகுதியில் பெரும்பாலும் இப்படி ஒரு படி இருக்கும்:

‘பிரதான வால்வைப் பகுதியளவு மூடி, வெஞ்சுரியின் நுழைவு மற்றும் வெளியேற்ற முனைகளுக்கிடையே தேவையான அழுத்த வேறுபாட்டை உருவாக்கிய பின், உறிஞ்சு வால்வைத் திறந்து உரக்கரைசலைச் செலுத்தவும். செலுத்தி முடிந்ததும் அமைப்பை நன்னீரால் கழுவவும்.’

இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால், எந்த வால்வு, எவ்வளவு மூடுவது, ‘தேவையான’ வேறுபாடு வந்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, எவ்வளவு நேரம் கழுவுவது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லை. கையேடு எழுதியவருக்கு உங்கள் தோட்டம் தெரியாது. எல்லா ஊருக்கும், எல்லா அளவு குழாய்க்கும் பொருந்த வேண்டும் என்பதால் ‘பகுதியளவு’, ‘தேவையான’ என்று எழுதிவிட்டார். அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் உங்கள் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் இங்கே உள்ள வேலை.

இதே சிக்கலைச் சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் தீர்த்த விதத்தைப் பார்த்தால், வாசகரும் அப்படியே செய்துகொள்ளலாம்.

அந்த வீட்டுக்காரர் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெஞ்சுரியில் பல வருடம் பழகிய பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கூப்பிட்டார். அவர் செய்து காட்ட, வீட்டுக்காரரின் மனைவி பக்கத்தில் நிற்க, பள்ளிக்கூடம் போகும் மகள் அவர் சொன்னதை நோட்டில் எழுதினாள். சுருக்கவோ, செந்தமிழாக மாற்றவோ கூடாது. வாயில் வந்ததை அப்படியே எழுத வேண்டும் என்பது மட்டும்தான் ஏற்பாடு.

பெரியவர் முதலில் வெஞ்சுரியைக் காட்டினார். ‘‘தாயி, இது நடுவுல இடுப்பு சிறுத்த குழாய். அந்தச் சந்துல தண்ணி வேகமாப் பாயும்போது பக்கத்துல இருக்கிறதை இழுக்கும். ஆனா, மெயின் பைப்பு முழுசாத் திறந்து கிடந்தா தண்ணி எதுக்கு இந்தச் சந்துக்குள்ள வரப்போகுது?’’

‘‘நேர் வழி இருக்கையில அதுலதானே போகும் மாமா.’’

‘‘அதேதான். வாய்க்கால்ல பாதி மடை கட்டினா தண்ணி ஏறி, பக்கத்துக் கிளையில திரும்புதில்ல? அதைத்தான் இந்த வால்வு செய்யுது. முழுசாக் கட்டிட்டா கீழ்க்காட்டுக்குத் தண்ணி போகாது. கட்டாம விட்டா கிளையில திரும்பாது.’’

‘அழுத்த வேறுபாடு’ என்று கையேடு சொன்னது இந்த மடைதான். மெயின் வால்வுக்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டர், பின்னால் ஒரு பிரஷர் மீட்டர் இருக்கும். வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். வால்வை மூட மூட, மோட்டார் பக்கத்து மீட்டர் ஏறும். காட்டுப் பக்கத்து மீட்டர் இறங்கும். பொதுவாக, மோட்டார் பக்கத்து எண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வெஞ்சுரி நன்றாக இழுக்கும். அந்தத் தோட்டத்தில் மோட்டார் பக்கம் 1.8 கிலோவும், காட்டுப் பக்கம் 1.2 கிலோவும் வந்தபோது இழுத்தது. உங்கள் மோட்டாருக்கும் குழாய்க்கும் எண்கள் வேறாக இருக்கலாம். பழகியவர் ஒருவரை வைத்து ஒரு நாள் பார்த்து, உங்கள் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது புரிந்துவிட்டால், வாசகரின் வாளி நிரம்பி வழிந்த காரணமும் புரிந்துவிடும். மெயின் வால்வை மூடி மடை கட்டுவதற்கு முன்பே உறிஞ்சு வால்வைத் திறந்தால், குழாயில் இருக்கும் அழுத்தம் தண்ணீரை வாளிக்குள் தள்ளும். கையேட்டில் ‘மூடி… உருவாக்கிய பின்… திறந்து’ என்று வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேலைகளைத் திணித்ததில் ‘பின்’ என்ற சின்ன வார்த்தை கண்ணில் படாமல் போய்விட்டது.

உரத்தண்ணீர் இறங்காமல் போனதற்குக் காரணம் வேறு. உரம் சரியாகக் கரையாமல், உறிஞ்சு குழாயின் நுனியில் உள்ள சல்லடையை அடைத்திருக்கலாம். குழாய் செருகிய இடத்தில் கிளிப் தளர்ந்து, உரத்தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்திருக்கலாம். வெஞ்சுரிக்குப் பின்னால் உள்ள ஃபில்டரில் அழுக்கு சேர்ந்து, தண்ணீர் முன்னேற முடியாமல் காட்டுப் பக்கத்து அழுத்தம் ஏறியிருக்கலாம். அல்லது, வெஞ்சுரியில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசைக்கு எதிராக மாட்டப்பட்டிருக்கலாம். ‘செலுத்தவும்’ என்று சொன்ன கையேடு, செல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் சொல்லவில்லை.

பெரியவர் பேசியதை மகள் எழுதியபோது ஒன்று தெரிந்தது. அவர் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயங்கள் சொன்னார். கை என்ன செய்ய வேண்டும், செய்ததும் கண்ணுக்கு என்ன தெரியும், அது தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும். கையேட்டில் முதலாவது மட்டும்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் புரிவதற்கும், அச்சடித்த தாள் சொன்னால் புரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். ‘மூடவும்’ என்பதை ‘மூடுங்க’ என்று மாற்றினால் மட்டும் போதாது.

வங்கதேசத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் 1980-ல் இதே போன்ற ஒரு வேலையில் இறங்கியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாமல் இருக்க, உப்பும் இனிப்பும் கலந்த தண்ணீரை வீட்டிலேயே செய்யத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கிராம் கணக்கு சொன்னால் வீட்டில் தராசு இல்லை. அதனால், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அளவைக் கைக்கு மாற்றினார்கள். அதோடு விடவில்லை. கற்றுக்கொடுத்தவர் போன பிறகு வேறொருவர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதித்தார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். தாய் சரியாகச் செய்யாவிட்டால் சொன்ன விதத்தில்தான் குறை என்பது அங்கே விதியாக இருந்தது.

சின்னமனூர்த் தோட்டத்திலும் அப்படி ஒரு சோதனை நடந்தது. அடுத்த வாரம் மகள் எழுதிய தாளை மட்டும் கையில் கொடுத்து, மனைவியைத் தனியாகச் செய்யச் சொன்னார்கள். வாளியில் உரம் இல்லை, வெறும் தண்ணீர்தான். கணவரும் பெரியவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அவர் மூன்று இடங்களில் நின்றார்.

முதலில், ‘ரெண்டாவது மீட்டரைப் பாரு’ என்ற வரியில் நின்றார். மோட்டாரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஒன்று. அவர் வந்த காட்டுப் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது வேறொன்று. பெரியவர் விரலால் காட்டியபடி பேசினார். தாளுக்கு விரல் கிடையாது. அதனால், மோட்டார் பக்கத்து மீட்டருக்குச் சிவப்புப் பெயின்ட், காட்டுப் பக்கத்து மீட்டருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். மெயின் வால்வு கைப்பிடிக்கு வெள்ளை, உறிஞ்சு வால்வுக்கு மஞ்சள். தாளிலும் அதே நிறங்களை எழுதினார்கள்.

இரண்டாவது, ‘கொஞ்சங்கொஞ்சமா மூடு’ என்ற வரி. பெரியவரின் ‘கொஞ்சம்’ வேறு. அவருடைய ‘கொஞ்சம்’ வேறு. கைப்பிடியை ஒரே இழுப்பில் இழுத்ததும் சிவப்பு மீட்டர் முள் துள்ளி ஏறியது. பயந்து கையை எடுத்துவிட்டார். ‘ஒரு விரல் அகலம் நகர்த்தி, பத்து எண்ணிட்டு மீட்டரைப் பாருங்க’ என்று மாற்றினார்கள்.

மூன்றாவது, ‘தீர்ந்ததும் மூடு’ என்ற வரி. தீர்ந்துவிட்டது என்று கண்ணில் பட்டபோது, குழாய் ஏற்கெனவே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வாளியின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு கோடு போட்டு, ‘தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்ததும்’ என்று எழுதினார்கள்.

அவர் எங்கெல்லாம் நின்றாரோ, அந்த வரிகள்தான் சரியில்லாத வரிகள். கூட இருந்தவர்கள் ‘அது இல்ல, இது’ என்று வாய் திறந்து உதவியிருந்தால் இந்த மூன்று குறைகளும் தாளில் அப்படியே இருந்திருக்கும். திருத்தி எழுதிய தாள் இதுதான்:

வெஞ்சுரியில உரம் விடுறது

உரம் விடுறப்ப கரண்ட் நின்னுட்டா, வேற எதையும் பார்க்காம முதல்ல மஞ்சள் வால்வை மூடுங்க. இல்லைன்னா உரம் குழாயில தேவையில்லாம இறங்கிரும்.

1. முதல் நாள் சாயங்காலமே உரத்தைத் தனி வாளியில கரைச்சு வைங்க. யூரியா கரையுறப்ப வாளி சில்லுனு ஆகும், அது சரிதான். காலையில அடியில மண்டி கிடந்தா, தெளிஞ்சதை மட்டும் துணியில வடிகட்டி, கோடு போட்ட வாளியில ஊத்துங்க.

2. மஞ்சள் வால்வு மூடியிருக்கா பாருங்க. வெள்ளைக் கைப்பிடி குழாயோட நேரா இருக்கணும். நேரா இருந்தா முழுசாத் திறந்திருக்குன்னு அர்த்தம்.

3. மோட்டாரைப் போட்டு 15 நிமிஷம் வெறும் தண்ணி விடுங்க. கடைசி வரிசைக்குப் போய், சொட்டு விழுதா பாருங்க. விழலைன்னா இன்னிக்கு உரம் விட வேண்டாம்.

4. வெஞ்சுரிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற சின்ன வால்வுகளைத் திறங்க.

5. வெள்ளைக் கைப்பிடியை ஒரு விரல் அகலம் மூடுங்க. பத்து எண்ணிட்டு மீட்டரைப் பாருங்க. சிவப்பு 1.8, பச்சை 1.2 வர்ற வரைக்கும் இதே மாதிரி செய்யுங்க. பச்சை 1-க்குக் கீழ போயிட்டா கொஞ்சம் திருப்பித் திறங்க.

6. குழாய் நுனியில இருக்கிற சல்லடையை வாளியில அடி வரைக்கும் விடுங்க. இப்பத்தான் மஞ்சள் வால்வைத் திறக்கணும். வாளியில தண்ணி ஏறுனா உடனே மஞ்சளை மூடிட்டு, 5-வது வரிக்குப் போங்க.

7. ரெண்டு நிமிஷத்துல வாளி இறங்குறது தெரியும். இறங்கலைன்னா மஞ்சளை மூடிட்டு, சல்லடையைக் கழுவுங்க. குழாய்க்குள்ள குமிழி ஓடுனா கிளிப்பை முடுக்குங்க. அப்பவும் இறங்கலைன்னா மோட்டாரை நிறுத்தி, ஃபில்டரைக் கழுவுங்க.

8. தண்ணி கோட்டுக்கு வந்ததும் அரை வாளி நல்ல தண்ணி ஊத்துங்க. அதுவும் கோட்டுக்கு இறங்கினதும் மஞ்சளை மூடுங்க.

9. மஞ்சளை மூடுன பிறகுதான் வெள்ளையை முழுசாத் திறக்கணும். முன்னாடியே திறந்தா வாளி வழியும். பிறகு சின்ன வால்வு ரெண்டையும் மூடுங்க.

10. இன்னும் 20 நிமிஷம் வெறும் தண்ணி ஓடட்டும். அப்புறம் மோட்டாரை நிறுத்துங்க.

கையேட்டில் இரண்டு வாக்கியமாக இருந்தது இங்கே பத்து வரியாகிவிட்டது. அது குறையில்லை. தாளின் நீளத்தைவிட, ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, தாளைக் கீழே வைத்து, அந்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்பி வர முடிகிறதா என்பதுதான் முக்கியம். எச்சரிக்கை முதல் வரியாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். கரண்ட் நிற்கும்போது என்ன செய்வது என்பதைக் கடைசியில் எழுதினால், கரண்ட் நின்ற பிறகுதான் அதைப் படிப்பார்கள்.

வாசகர் தன் தாளை எழுதும்போது நான்கு விஷயங்களைத் தன் தோட்டத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கிணற்றுக்கும் வெஞ்சுரிக்கும் நடுவே தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு (என்.ஆர்.வி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் மோட்டார் நின்றால், குழாயில் உள்ள உரத்தண்ணீர் கிணற்றுக்கே திரும்பலாம். இது தாளில் எழுதித் தீர்க்கும் விஷயம் இல்லை. அந்த வால்வை மாட்டிய பிறகுதான் உரம் விட வேண்டும்.

இரண்டாவது, மீட்டர் எண்கள். இரண்டு ஏக்கரையும் இரண்டு பகுதியாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறவர் என்றால், ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணைத் தனியாகக் குறிக்க வேண்டும். கைப்பிடி நிற்கும் இடத்தில் கோடு போட்டு, ‘கோடு வரை மூடு’ என்று எழுதினால் சுலபமாகத் தோன்றும். ஆனால், கிணற்றுத் தண்ணீர் இறங்கினாலோ, ஃபில்டர் அடைத்தாலோ அந்தக் கோடு பொய் சொல்லும். மீட்டர்தான் சாட்சி.

மூன்றாவது, கழுவும் நேரம். 20 நிமிடம் என்பது அந்தத் தோட்டத்துக் கணக்கு. தண்ணீர்ச் சோதனைக்கு விற்கும் டி.டி.எஸ் பேனா ஒன்று இரவல் கிடைத்தால், வெறும் தண்ணீர் ஓடும்போதே கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவானில் ஒரு டம்ளர் பிடித்து எண்ணைப் பார்த்து வையுங்கள். பொட்டாஷ் போன்ற உப்பு உரம் வந்ததும் எண் ஏறும். யூரியா மட்டும் விட்டால் எண் ஏறாது. உறிஞ்சு வால்வை மூடியதிலிருந்து, எண் பழையபடி இறங்குவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதுதான் உங்கள் தோட்டத்துக்குக் கழுவும் நேரம். அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தினால், உரம் குழாயிலேயே தங்கி, உப்புப் படிந்து சொட்டுவான் அடைக்கும்.

நான்காவது, எந்த உரம் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். ‘பொட்டாஷ்’ என்று மட்டும் எழுதினால் வீட்டில் இருக்கும் சிவப்புப் பொட்டாஷைக் கரைத்துவிடுவார்கள். அதில் கரையாத கசடு இருக்கும். சொட்டுநீருக்கு வெள்ளைப் பொட்டாஷ்தான் ஏற்றது. டி.ஏ.பி, சூப்பர் பாஸ்பேட் இரண்டும் வேண்டாம். கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரத்தோடும், சல்பேட் உரத்தோடும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது, கல்லாகப் படியும். புது உரம் எதையும் சேர்ப்பதற்கு முன், வாளியில் கலக்கும் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினாலோ, அடியில் படிந்தாலோ அந்தக் கலவை வேண்டாம்.

இப்படி நம் பேச்சில் மாற்றி எழுதும்போது மாற்றக் கூடாத ஒன்று உண்டு. பயிருக்கு எத்தனை கிலோ உரம் என்ற அளவைப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு எழுத வேண்டாம். மண் பரிசோதனை முடிவோடு, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்திலோ கேட்டு, அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள அளவும், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள் கணக்கும் அதே போலத்தான். ‘ஒரு மூடி’, ‘ரெண்டு மூடி’ என்று கைக்கணக்காக மாற்றக் கூடாது; மூடி டப்பாவுக்கு டப்பா மாறும். அளக்கும் குவளையை வாங்கி, மில்லி கணக்கில் கோடு போட்டு வைத்தால் போதும்.

எழுதிய தாளைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மோட்டார் அறைக்குள் வெள்ளைக் கைப்பிடியைப் பிடித்தபடியே படிக்க முடிகிற இடத்தில் மாட்டுங்கள். கீழே நாலு வரி காலியாக விட்டு, நூலில் ஒரு பேனாவும் கட்டி வையுங்கள். சின்னமனூர்த் தோட்டத்தில் அந்தக் காலி இடத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவர் வீட்டுக்காரர் இல்லை. தினமும் மோட்டார் போடும் அவர் மனைவி. ‘மழைக்குப் பிறகு சல்லடையில பாசி பிடிக்குது. வாளியில விடுறதுக்கு முன்னாடியே கழுவிருங்க.’